மூன்றில் ஒன்று போனால்

மின்சாரம் அடியோடு போய்விட்டால் ஏசிக்கு ஒன்றும் ஆகாது. நின்றுவிடும், அவ்வளவுதான். கம்ப்ரசரைக் காவு வாங்குவது பாதி போய்ப் பாதி இருக்கிற மின்சாரம்.

சிறு நகரத்துக் கடைவீதியில் மூன்று ஃபேஸ் இணைப்போடு எட்டரை டன் ஏசி ஓடும் ஒரு ஜவுளிக்கடையை வைத்துக்கொள்வோம். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு 11,000 வோல்ட் வந்து சேரும் பக்கத்தில் எச்.ஜி. ஃபியூஸ்கள் மூன்று இருக்கும். பலத்த காற்றிலோ, அணில் ஒன்று குறுக்கே ஓடியதாலோ அதில் ஒன்று போய்விடுகிறது. அப்போது தெருவில் ஒரு ஃபேஸ் முழுதாக இருண்டுவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி ஆவதில்லை. டிரான்ஸ்பார்மரின் உயர் அழுத்தச் சுற்றுகள் முக்கோணமாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு கம்பி அறுந்தாலும் மீதி இரண்டு கம்பிகளின் மின்னழுத்தத்தை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. விளைவாக, வீதியில் ஒரு ஃபேஸில் 240 வோல்ட் அப்படியே இருக்கும். மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 120 வோல்ட் வரும். ஒரு கடையில் விளக்கு பளிச்சென்று எரிய, பக்கத்துக் கடையில் மின்விசிறி சோம்பிச் சுற்றும். “லோ வோல்டேஜ்” என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு வேண்டியது ஃபேஸ்களுக்கு இடையிலான 415 வோல்ட். மேலே சொன்ன நிலையில் அதன் மூன்று முனைகளுக்கு இடையே கிடைப்பது 360, 360, பூஜ்யம். பாதியாகிப்போன இரண்டு ஃபேஸ்களும் ஒரே கணத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்குவதால் அவற்றுக்கிடையே அழுத்தமே இல்லை. பெயருக்கு மூன்று கம்பி. உண்மையில் ஒற்றை ஃபேஸ். எலக்ட்ரீஷியன்கள் இதைத்தான் ‘சிங்கிள் ஃபேஸிங்’ என்கிறார்கள்.

அந்த நேரத்தில் கம்ப்ரசர் நின்றிருந்தால், தெர்மோஸ்டாட் அதை ஓடச் சொன்னதும் உறுமும், ஆனால் சுழலாது. கண்டென்சர் செத்த சீலிங் ஃபேன் கையால் தள்ளிவிடும்வரை முனகிக்கொண்டே நிற்குமே, அதே கதைதான். சுழலாத மோட்டார் வழக்கமானதைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் வஞ்சகம்: அது நிற்காது. ஒரு கம்பி முழுதாகச் செத்திருந்தால், மூன்று கம்பிகள் சுமந்த வேலையை இரண்டு சுமக்கும். 15 ஆம்பியர் ஓடிய கம்பியில் 26 ஆம்பியர் ஓடும். கரன்ட் 1.7 மடங்கானால் சுற்றில் பிறக்கும் வெப்பம் அதன் வர்க்கம், அதாவது சுமார் மூன்று மடங்கு. இந்த மோட்டார் எஃகுக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டது. ஏசியிலிருந்து திரும்பி வரும் குளிர்ந்த வாயு மேலே பட்டுத்தான் அது தணிய வேண்டும். மோட்டார் திணறினால் வாயு ஓட்டமும் குறையும். சூடு ஏறும்போதே குளிர்ச்சியும் பறிபோகிறது.

உள்ளே ஓர் ஓவர்லோடு இருக்கத்தான் செய்கிறது. சூடு அளவு மீறினால் துண்டித்து, ஆறியதும் தானாகச் சேர்த்துவிடும். எப்போதாவது வரும் கோளாறுக்கு அது போதும். ஃபேஸ் திரும்பி வராமலே இருந்தால் சுடுவதும் ஆறுவதும் மறுபடி சுடுவதுமாக இரவெல்லாம் போகும். ஒவ்வொரு சுற்றிலும் கம்பியின் வார்னிஷ் பூச்சு கொஞ்சம் கருகும்.

ஆகவே வெளியே ஒரு ரிலே வேண்டும். எந்த ரிலே என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான லோ வோல்டேஜ் ரிலே ஒரு ஜோடி ஃபேஸ்களின் அழுத்தத்தை மட்டும் பார்க்கும். வழக்கமாக 15 சதவீதம் குறைந்தால், அதாவது 353 வோல்ட்டுக்குக் கீழே போனால், துண்டிக்கும்படி வைப்பார்கள். நம் கடையில் அந்த ஜோடிக்கு 360 வோல்ட் இருக்கிறதே! ரிலே பேசாமல் இருக்கும்.

மூன்று ஃபேஸ்களையும் தனித்தனியே அளக்கும் ரிலேயும் சில வேளை தோற்கும். கடையின் சொந்த மெயினிலேயே ஒரு ஃபியூஸ் போய்விட்டது என்று கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டர் போல நடந்துகொண்டு, செத்த கம்பியில் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதிகப் பளு இல்லாத மோட்டாரில் அது 80, 90 சதவீதம்வரைகூட இருக்கும். மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு மூன்று ஃபேஸும் உயிரோடு இருப்பதாகவே தோன்றும். இந்தப் போலியைக் கண்டுபிடிக்க வோல்ட் மட்டும் போதாது. மூன்று ஃபேஸ்களும் சரியான இடைவெளியில், சரியான சமநிலையில் வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும்போது லோ வோல்டேஜ், ஃபேஸ் ஃபெயிலியர், சமநிலைக் குலைவு, ஃபேஸ் வரிசை நான்கையும் பார்க்கும் ரிலே என்று கேட்டு வாங்குவது நல்லது. கடைசியாகச் சொன்னது ஸ்க்ரோல் கம்ப்ரசருக்கு முக்கியம். லைன் பழுது பார்த்தபின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தால் அது தலைகீழாகச் சுழன்று, பெரும் சத்தம் போடும். குளிர்ச்சி துளியும் வராது.

துண்டிப்பது பாதி வேலை. மறுபடி சேர்ப்பதில் பொறுமை வேண்டும். கம்ப்ரசர் நின்றதும் ஒரு பக்கம் உயர் அழுத்தமும் மறுபக்கம் தாழ் அழுத்தமும் இருக்கும். கரன்ட் போய்ப் பத்து விநாடியில் வந்தால், அந்த அழுத்தத்தை எதிர்த்தே மோட்டார் கிளம்ப வேண்டும். மோட்டாரின் இழுவிசையோ வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது: வீட்டு ஏசிக்கு 230-க்குப் பதில் 170 வோல்ட் வந்தால் விசை பாதிக்குச் சற்றே மேல்தான் மிஞ்சும். ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடம் காத்திருக்கும் அமைப்பு இதற்காகத்தான். “ஏசி உடனே ஓடவில்லை” என்று அதை அணைத்துவைப்பது வேண்டாத வேலை. கடையில் நான்கு ஏசி இருந்தால் நான்குக்கும் ஒரே நேரம் வைக்கக் கூடாது. எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் அந்த இழுப்பிலேயே வோல்டேஜ் விழுந்து, எல்லா ரிலேக்களும் மறுபடி துண்டிக்கும். மூன்று, நான்கு, ஐந்து நிமிடம் என்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

ரிலே எத்தனை நல்லதானாலும் அது பார்ப்பது தான் கம்பி சேர்ந்திருக்கும் இடத்தை மட்டுமே. அதற்குப் பிந்திய கான்டாக்டரில் ஒரு முனை கருகிப்போனால், ரிலேயின் கண்ணுக்கு மூன்று ஃபேஸும் சுத்தம். மோட்டாருக்குக் கிடைப்பதோ இரண்டு. லோ வோல்டேஜில் கான்டாக்டர் ‘டரட் டரட்’ என்று துடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். முனைகள் கருகுவது அந்தத் துடிப்பில்தான். ஆகவே கம்பிகளில் ஓடும் கரன்ட்டையே பார்க்கிற மூன்று முனை ஓவர்லோடு ரிலேயும் கூடவே வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் கம்ப்ரசர் எரிகிறது என்றால், பேனலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு சின்னக் கம்பித்துண்டு காரணம் சொல்லும். அடிக்கடி துண்டிக்கிறது என்று யாரோ ரிலேயை பைபாஸ் செய்திருப்பார்கள். எரிந்த கம்ப்ரசரை அறுத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் சுற்றுகள் எப்படிக் கருகியிருக்கின்றன என்று கேளுங்கள். மூன்றும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் லோ வோல்டேஜோ அதிகப் பளுவோ. நட்சத்திர இணைப்பு மோட்டாரில் இரண்டு கருகி ஒன்று மட்டும் புதிதுபோல் செம்பு மின்னினால், ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. அப்படியானால் புதுக் கம்ப்ரசரைப் பூட்டுவதற்கு முன்பே மெயின் ஃபியூஸையும் கான்டாக்டர் முனைகளையும் பார்த்தாக வேண்டும். எரிந்த எண்ணெயின் அமிலம் குழாய்களில் தங்கியிருக்கும். அதைக் கழுவி, ஃபில்டர் டிரையரை மாற்றாமல் புதியதை மாட்டினால் அதன் சுற்றையும் அந்த அமிலம் அரிக்கத் தொடங்கிவிடும்.