கரையான் மருந்து: எத்தனை துளை, எத்தனை லிட்டர்?

நிலைவாசல் ஓரமாகப் பென்சில் பருமனில் ஒரு மண்கோடு சுவரில் ஏறியிருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிய பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பல வீடுகளில் உடனே அதைத் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அதில் சாவது கோட்டுக்குள் இருந்த வேலைக்காரக் கரையான்கள் மட்டும்தான். ராணி இருக்கும் கூடு தரைக்கு அடியிலோ தோட்டத்து மண்ணிலோ இருக்கிறது. கொஞ்ச நாளில் வேறு விரிசல் வழியாக, பெரும்பாலும் அலமாரிக்குப் பின்னால், கோடு மறுபடி ஏறும்.

அதனால் மருந்து போக வேண்டிய இடம் மரமல்ல, சுவருக்கு அடியில் உள்ள மண். கட்டி முடித்த வீடுகளுக்கு இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் அகலத்தில் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஒரு லிட்டர் வரை மருந்துக் கலவையை இறக்க வேண்டும். பிறகு துளைகளை சிமெண்ட்டால் அடைக்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சுவரும் சேர்ந்து 44 அடி. கதவை விட்டால் ஏறத்தாழ 40 துளை, அதாவது 40 லிட்டர் வரை கலவை. இப்போது பலரும் பயன்படுத்தும் இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்து என்றால், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி வீதம் மொத்தம் 84 மில்லி வரை மருந்து. முதுகில் மாட்டும் ஸ்பிரேயரில் 16 லிட்டர்தான் பிடிக்கும். ஒரே டேங்க் கலவையில் வீடு முழுவதையும் முடித்துவிட்டு ஒருவர் கிளம்பினால், சுவருக்கு அடியில் மருந்து சேரவில்லை என்று அர்த்தம். விலை கேட்கும்போதே எத்தனை துளை, எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். சதுர அடி விலையை மட்டும் வைத்து இரண்டு ஆட்களை ஒப்பிட முடியாது.

இந்த மருந்தின் வாடையைக் கரையான் உணர்வதில்லை. மருந்து பட்ட மண்ணில் நடமாடும் கரையான், சாவதற்குள் மற்றவற்றின் மேலும் அதை ஒட்டவைக்கிறது. அன்று மாலையே பலன் தெரியாது. சில வாரம் ஆகும்.

மருந்தை உங்கள் கண்ணெதிரே சீல் பிரித்துக் கலக்கச் சொல்லுங்கள். லேபிளில் கட்டடக் கரையானுக்கு என்று இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். அதிலுள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் அளவைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. கிணறோ தண்ணீர்த் தொட்டியோ அருகில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிணற்றோரம் மண்ணுக்குள் மருந்து இறக்கக் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தரையில் சிந்தியதைத் துடைத்து, காற்றோட்டம் விட்ட பிறகே அவர்கள் திரும்ப வேண்டும்.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் தேவை. தமிழ்நாட்டில் வேளாண்மைத் துறை அதைத் தருகிறது. ஆனால் உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், ட்ரில்லோடு வருபவர் வேறொருவராக இருப்பார். 2024 நவம்பரில் குன்றத்தூரில் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவன ஊழியர்கள் வீட்டுக்குள் வைத்த எலிமருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த நிறுவனத்தின் உரிமம் அதற்குப் பிறகுதான் ரத்தானது. எனவே உரிம நகலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வீட்டுக்கு வருபவர் பயிற்சி பெற்றவரா, கையுறையும் முகக்கவசமும் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

கடைசியாக ஒப்பந்தம். கரப்பான் சாக்கடை வழியாக வந்துகொண்டே இருக்கும், அதற்கு வருட ஒப்பந்தம் போட்டு அவ்வப்போது ஜெல் வைப்பதில் நியாயம் உண்டு. கரையான் விஷயம் வேறு. சரியாக மண்ணில் இறங்கிய மருந்து சில வருடம் தாங்கும். வருடாவருடம் வீடு முழுக்க மறுபடி அடிப்பதால் நஞ்சுதான் கூடும். நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது சோதனையை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து நிலைவாசல், அலமாரியின் பின்பக்கம், குளியலறைச் சுவர் ஆகியவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும், கோடு தெரிந்த இடத்தில் மட்டும் இலவசமாக மறுபடி மருந்து இறக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

ஐந்து வருட வாரண்டி என்றால் அதன் விதிவிலக்குகளையும் படியுங்கள். டைல்ஸ் மாற்றினாலும் குழாய் பதிக்கத் தரையைத் தோண்டினாலும் அந்த இடத்தில் மருந்துத் தடுப்பு அறுந்துவிடும், வாரண்டியும் பெரும்பாலும் அங்கேயே முடியும். தோண்டப் போகும் முன் நிறுவனத்துக்குச் சொல்லி, மூடும் முன் அந்த மண்ணுக்கு மருந்து கேளுங்கள். ஒழுகும் குழாயையும் அன்றே சரிசெய்யுங்கள். சுவரில் ஈரம் நிற்கும் வரை கரையான் அங்கே வழி தேடிக்கொண்டுதான் இருக்கும்.