தயிர் பாக்டீரியா சுவாசித்தால்

உறைமோர் விட்ட பாலில் பெருகும் பாக்டீரியாக்களுள் முக்கியமானது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு பைருவிக் அமிலமாக உடைத்து, அது பெறும் நிகர லாபம் 2 ஏடிபி. ஏடிபி என்பது உயிரணு தன் வேலைகளுக்கெல்லாம் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு.

சர்க்கரையை உடைக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் கழல்கின்றன. அவற்றை என்ஏடி என்ற மூலக்கூறு ஏந்திக்கொள்கிறது. உயிரணுவில் என்ஏடி கொஞ்சம்தான் இருக்கிறது. ஏந்தியதை எங்காவது இறக்கிவைத்தால்தான் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியும். நொதித்தலில் அந்தச் சுமை பைருவிக் அமிலத்தின் மேலேயே இறங்குகிறது, அது லாக்டிக் அமிலமாகிறது. இந்தக் கடைசிப் படியில் ஏடிபி எதுவும் கிடைப்பதில்லை. குளுக்கோஸின் ஆற்றலில் பெரும்பகுதி லாக்டிக் அமிலத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பாக்டீரியா பயன்படுத்தாமல் விட்ட அந்த மிச்சம்தான் தயிரின் புளிப்பு.

நம் குடலில் வாழும் ஈ.கோலை, ஆக்சிஜன் கிடைத்தால் சுவாசிக்கும். அப்போது எலக்ட்ரான்கள் அதன் சவ்விலுள்ள புரதங்கள் வழியே கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. போகிற போக்கில் புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் டர்பைனைச் சுற்றுவதுபோல, அவை உள்ளே திரும்பும் வேகத்தில் ஏடிபி உருவாகிறது. குளுக்கோஸும் முழுவதுமாக எரிந்து கரியமில வாயுவாகிறது. பாடநூல்கள் இதற்கு 38 ஏடிபி வரை கணக்குச் சொல்லும். ஈ.கோலையின் சங்கிலி தள்ளும் புரோட்டான்கள் குறைவு என்பதால் அதற்குக் கிடைப்பது அந்த அளவுக்கு வராது. ஆனாலும் நொதித்தலின் 2 ஏடிபியைப் போலப் பல மடங்கு.

சுவாசம் என்றாலே ஆக்சிஜன் என்று நினைத்துவிடக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஈ.கோலை நைட்ரேட்டிடம் எலக்ட்ரான்களைக் கொடுத்துச் சுவாசிக்கும், ஆற்றல் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். எலக்ட்ரான்கள் சவ்வின் சங்கிலி வழியே வெளியிலிருந்து வந்த ஒரு பொருளிடம் போய்ச் சேர்ந்தால் அது சுவாசம். உடைத்த உணவின் துண்டின் மேலேயே திரும்ப ஏறினால் நொதித்தல்.

என்னை வியக்கவைப்பது மறுபடியும் அந்தத் தயிர் பாக்டீரியாதான். சுவாசச் சங்கிலியின் கடைசிப் புரதத்துக்கான மரபணுக்கள் அதனிடம் இருக்கின்றன. அந்தப் புரதம் இயங்க ஹீம் வேண்டும். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற அதே ஹீம்தான். அதைத் தயாரிக்க இந்த பாக்டீரியாவால் முடியாது. வளர்ப்பு ஊடகத்தில் ஹீமைச் சேர்த்து, காற்றையும் செலுத்தினால் சங்கிலி ஓடத் தொடங்குகிறது. 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை விரிவாகக் காட்டினார்கள். அப்படி வளர்ந்தவை ஏறத்தாழ இரு மடங்கு பெருகின, ஊடகம் குறைவாகவே புளித்தது, குளிரில் வைத்தபோதும் அவை நெடுநாள் உயிரோடிருந்தன.

இரு மடங்குக்கு மேல் ஏன் போகவில்லை? சர்க்கரையை முழுவதும் எரிக்கும் சிட்ரிக் அமில சுழற்சி இதனிடம் முழுமையாக இல்லை. ஆதாயத்தில் ஒரு பங்கு சேமிப்பாகத்தான் வருகிறது. நொதிக்கும்போது உள்ளே சேரும் புரோட்டான்களை வெளியேற்ற அது ஏடிபியைச் செலவழிக்கவேண்டும். சுவாசிக்கும்போது அந்த வேலையைச் சங்கிலியே செய்துவிடுகிறது.