மொனராகலை வெயிலில் தயிர் உறைய எத்தனை மணி நேரம்?

நான் பிறந்து வளர்ந்தது பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அங்கே அம்மா மாலை ஆறு மணிக்குப் பாலில் உறை விட்டு, சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்படியில் வைப்பார். மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் தயிர் கட்டியாகும். கலியாணம் முடித்து மொனராகலைக்கு வந்த பிறகு, ஒரு சித்திரையில் நானும் அப்படியே செய்தேன். காலையில் மூடியைத் திறந்தால், உடைந்த கட்டிகளும் மேலே விரல் உயரத்துக்குத் தண்ணீரும் பல் கூசும் புளிப்பும். வீசவும் மனம் வரவில்லை. வெளியில் வைத்தே இரண்டு நாள் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் என் சின்ன மகனுக்கு வயிற்றோட்டம். தயிரால்தான் வந்தது என்று வைத்தியர் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட முதற் கேள்வி, "அதை எப்போது தோய்த்தீர்கள்?" என்பதுதான்.

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. மொனராகலை அடிவாரம். உறையில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாலின் இனிப்பைத் தின்று அமிலம் உண்டாக்குகின்றன. அந்த அமிலம்தான் பாலைக் கட்டியாக்குகிறது. சூடு கூடினால் அவற்றின் வேலையும் வேகமாகும். இங்கே இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர்களுக்கு இது விளங்கும்: அந்தப் பாலை உறைய வைக்க அவர்கள் அமிலம் கலக்கிறார்கள், நம் பாலுக்கு உறையே அமிலம் செய்துகொள்கிறது. (இறப்பர் பால் எடுத்த வாளியை எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.)

இப்போது நான் செய்யும் முறை இது. ஒரு லீற்றர் பாலைப் பொங்க விட்டு, அடுப்பைக் குறைத்து இன்னும் ஐந்து நிமிடம் காய்ச்சுவேன். பசும்பால் கிடைக்காத நாளில் 130 முதல் 150 கிராம் பால்மாவை ஒரு லீற்றர் நீரில் கரைத்து, அதையும் அப்படியே காய்ச்சுவேன். கழுவிய விரலில் ஒரு துளி விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். சுட்டால் உறை செத்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு தேக்கரண்டி உறை போதும். மலையில் அம்மா ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாமல் விடுவார். இரவு பதினொரு மணிக்கு உறை விட்டால், இங்கே ஐந்து அல்லது ஆறு மணி நேரத்தில், விடிய முன்னமே தயிர் ஆகிவிடும். சட்டியை மெல்லச் சரித்துப் பார்ப்பேன். ஓரம் விட்டு ஒரே கட்டியாக அசைந்தால் முடிந்தது. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவேன். அதற்கு மேல் வைத்தால் புளிப்புத்தான் ஏறும். எட்டு மணி நேரமாகியும் பால் பாலாகவே இருந்தால், உறை பலவீனம் என்று அர்த்தம். அமிலம் வராத அந்த நேரத்தில் வேறு கிருமிகள் பெருகியிருக்கும். சில கிருமிகள் விடும் நஞ்சு, திரும்பக் காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலை ஊற்றிவிடுவதே நல்லது.

உறைக்கு நேற்றைய தயிரே சிறந்தது. அதை முதற் கரண்டி எடுக்க முன்னமே, காய்ந்த சுத்தமான கரண்டியால் ஒரு சின்னப் போத்தலில் எடுத்து வைக்க வேண்டும். பல நாள் கிடந்து புளித்த உறை மெதுவாகவே வேலை செய்யும். வீட்டில் தயிரே இல்லையென்றால், கடையில் விற்கும் வாசனையோ பழமோ சேர்க்காத யோகட் ஒரு கரண்டி போதும். யோகட்டின் உயிர்கள் நாற்பது பாகைக்கு மேற்பட்ட சூட்டை விரும்புபவை. ஆகவே முதல் தடவை பால் சற்றுச் சூடாக இருக்கும்போதே விட்டு, துணியால் சுற்றி வையுங்கள். வெல்லவாய, புத்தல வீதியோரக் கடைகளின் எருமைத் தயிரும் நல்ல உறைதான். மேற்பரப்பில் தூசு விழுந்திருக்கும் என்பதால் நடுவிலிருந்து எடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நாள் வரை வைத்துச் சாப்பிடுகிறேன். பெட்டி இல்லாத வீட்டில், இந்தச் சூட்டில், அன்றைக்கே முடிப்பதுதான் கணக்கு. மண்சட்டியின் நுண்துளைகளால் நீர் கசிந்து ஆவியாவதால், ஈர மணலில் வைத்தால் சற்றே குளிர்ந்திருக்கும். ஆனாலும் மறுநாள் அதைப் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் மோர்க்குழம்பாக்கிவிடுவேன். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கட்டிக்குள் குமிழ்கள் துளைத்திருந்தால், கரண்டியில் நூலாக இழுத்தால், இளஞ்சிவப்பு அல்லது பச்சைப் பூஞ்சணம் கண்டால், மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். சட்டியோடு ஒதுக்கி, அந்தச் சட்டியைக் கொதிநீரில் அவித்துக் காயவிட்டுத்தான் மறுபடி எடுங்கள்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்குப் போன என் சித்தி இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே வெயில் சுட்ட முதல் வருசத்திலேயே அவர் இரவு உறையை விட்டுவிட்டாராம். விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி உறை விட்டு, பத்து மணிக்குச் சோற்றோடு எடுப்பாராம்.