பாதியாகக் குறையும் மருந்து

மருந்துக் கடையில் மாத்திரை அட்டையின் மேல் பேனாவால் 1-0-1 என்றோ 1-1-1 என்றோ குறித்துக் கொடுப்பது வழக்கம். காலை, மதியம், இரவு என்ற அந்த மூன்று கட்டங்களில் எதில் சுழி, எதில் ஒன்று என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த மருந்தின் ‘அரை ஆயுள்’. இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைவதற்கு ஆகும் நேரத்துக்கு இந்தப் பெயர்.

கல்லீரலும் சிறுநீரகமும் இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறதோ அதில் ஒரு பங்கை நீக்கிக்கொண்டே இருக்கின்றன. அதிகம் இருந்தால் அதிகம் வெளியேறும், குறைவாக இருந்தால் குறைவாக வெளியேறும். அதனால்தான் பெரும்பாலான மருந்துகள் மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று சீராக இறங்காமல், பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று இறங்குகின்றன. ஐந்து அரை ஆயுள் கழிந்தால் நூறில் மூன்று பங்குதான் மிஞ்சும்.

தொண்டைப் புண்ணுக்கும் பல் வீக்கத்துக்கும் தரப்படும் அமாக்சிசிலினை எடுத்துக்கொள்ளலாம். அதன் அரை ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிடச் சொல்கிறார்கள். அடுத்த வேளை வருவதற்குள் முந்தைய மாத்திரையின் மருந்து எட்டு முறை பாதியாகி, அநேகமாக ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். இந்த வகை மருந்துக்கு, கிருமியை அடக்கப் போதுமான குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு. இரத்தத்தில் அந்தக் கோட்டுக்கு மேல் மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே இங்கே முக்கியம்.

மூன்று வேளை எதற்கு, மூன்றையும் இரவில் சேர்த்து விழுங்கிவிட்டால் என்ன என்ற கேள்வி பலருக்கும் வரும். ஒரு கணக்குக்காக, 500 மில்லிகிராம் மாத்திரை அந்தக் கோட்டுக்கு மேல் 4 மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டால் 8 மணி நேரம் நிற்காது. இரண்டு மடங்கு மருந்து ஒரு மாத்திரையின் அளவுக்குக் குறைய ஒரு மணி நேரம் போதும், எனவே கிடைப்பது 5 மணி நேரம். மூன்றைச் சேர்த்தாலும் ஐந்தரை மணி நேரத்தைத்தான் எட்டும். அதே மூன்றைப் பிரித்துப் போட்டால் நாளொன்றுக்கு 12 மணி நேரம் கிடைக்கிறது. மருந்தை இரட்டிப்பாக்கினால் அதன் வேலை நேரம் ஒரே ஒரு அரை ஆயுள் அளவுக்கு மட்டும் நீள்கிறது. இந்த ஒன்று புரிந்தால் வேளைக் கணக்கின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் இதற்கு நேர் எதிர். அதன் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். நடுவாக 40 மணி என்று கொண்டால், இன்று காலை உடலில் சேர்ந்த 100 பங்கு மருந்தில் நாளை காலை 66 பங்கு மிச்சம் இருக்கும். அதன் மேல் புது மாத்திரை விழும்போது 166 ஆகும். மூன்றாம் நாள் மாத்திரைக்குப் பிறகு 210, நான்காம் நாள் 238. உள்ளே வருவது நாள்தோறும் அதே 100 பங்குதான். ஆனால் சேர்ந்திருப்பது கூடக்கூட வெளியேறுவதும் கூடுகிறது. ஏழெட்டு நாளில் இரண்டும் சமமாகி, மாத்திரை போட்டதும் ஏறக்குறைய 294, மறுநாள் போடும் முன் 194 என்ற ஏற்ற இறக்கத்தில் நிலைத்துவிடும். பிரஷர் மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளே ‘இன்னும் இறங்கவில்லையே’ என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

தைராய்டு மாத்திரையின் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம் என்பதால், அங்கே இந்தத் தேக்கம் நிலைபெற ஐந்து வாரம் ஆகிறது. மாத்திரையின் அளவை மாற்றிய மருத்துவர் ஆறு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அரை ஆயுளை மட்டும் பார்த்து வேளையைச் சொல்லிவிட முடியாத மருந்துகளும் இருக்கின்றன. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிபிரசோல் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் இரத்தத்தைவிட்டுப் போய்விடும். ஆனால் போகும் முன் அமிலம் சுரக்கும் இடங்களை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. வயிறு புதிய சுரப்பிடங்களை உருவாக்கும்வரை பலன் தொடர்வதால் பெரும்பாலானோருக்கு ஒரு வேளையே போதும். இன்னொரு வழி, மாத்திரையையே மெதுவாகக் கரையும்படி செய்வது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அட்டையில் SR என்றோ XR என்றோ இருந்தால் அது அந்த வகை. அதை உடைத்துப் பொடித்துச் சாப்பிட்டால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

அரை ஆயுள் ஆளுக்கு ஆளும் மாறும். சிறுநீரகம் செயலிழந்தவரிடம் அமாக்சிசிலினின் ஒரு மணி நேரம் பல மணி நேரமாக நீண்டுவிடும். அவருக்கு வேளைகளின் இடைவெளியைக் கூட்டவோ அளவைக் குறைக்கவோ வேண்டியிருக்கும்.

ஒரு வேளை தவறினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். தைராய்டு மாத்திரையை ஒரு நாள் மறந்தால் உடலில் உள்ள இருப்பு பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவே. அம்லோடிபினை மறந்தால் 194 பங்கு மறுநாள் காலை 128 ஆகும். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் வெறுமையாகிவிடுவதில்லை. அமாக்சிசிலினில் ஒரு வேளை தவறினால் கிருமிக்குப் பல மணி நேர ஓய்வு கிடைத்துவிடுகிறது. வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட்டின் அரை ஆயுள் 9 முதல் 16 மணி நேரம். இது நடுத்தரம்தான் என்றாலும், கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே சிலருக்கு வலிப்பு வந்துவிடும். ஆகவே எவ்வளவு குறைகிறது என்பதோடு, குறைந்தால் நேரும் விளைவையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பெரும்பாலான மருந்துகளுக்குப் பொதுவான வழி, நினைவு வந்ததும் தவறிய வேளையைப் போட்டுக்கொள்வது. அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் தொடர்வது. அம்லோடிபினுக்கு இந்த எல்லை 12 மணி நேரம் என்று சொல்லப்படுகிறது. ஈடுகட்ட இரண்டாகப் போடுவதால், முன்பு பார்த்த கணக்குப்படி, வேலை நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. போட்டதும் எட்டும் உச்ச அளவுதான் ஏறுகிறது, பக்க விளைவுகள் வருவதும் அந்த உச்சத்தில்தான். வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இன்சுலின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. அவற்றை எழுதித் தரும்போதே, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நீண்ட அரை ஆயுளுக்கு ஏமாற்றும் குணமும் உண்டு. அம்லோடிபினை நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைப்பவர் ஒரு வேளையை விட்டுவிட்டு மறுநாள் பிரஷர் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கக்கூடும். மாத்திரை இல்லாமலே குணமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டும் அந்த நேரத்தில், உடலில் ஒரு முழு மாத்திரைக்கும் மேலான மருந்து இன்னும் இருக்கிறது. அது ஒரு மாத்திரையின் ஆறில் ஒரு பங்காகத் தேய, கடைசி வேளையிலிருந்து ஒரு வாரம் ஆகும். மருந்தில்லாத பிரஷர் எவ்வளவு என்பது அதற்குப் பிறகே தெரியவரும்.