அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கணக்குப் புரிவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தேனாம்பேட்டையில் அரை கிரவுண்டு மனையில் ஒரு வீடு. கீழே அண்ணன் குடியிருக்கிறார், மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார். அப்பா 1982-ல் தன் சம்பளத்தில் வாங்கிய இடம். 2010-ல் அவர் உயில் எழுதாமல் காலமானார். அம்மா 2021-ல் தவறிவிட்டார். வேளச்சேரியில் இருக்கும் தங்கை பங்கு கேட்டால், "கல்யாணத்துக்கு முப்பது பவுன் போட்டோமே, அது பங்கு இல்லையா?" என்கிறார் அண்ணன். குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

முப்பது பவுன் பங்கில் கழியுமா?

கழியாது. கல்யாணத்தில் போட்ட நகையும் சீரும் வாரிசுப் பங்குக்கு ஈடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கியிருந்தாலும், பதிவு செய்யாத அந்தக் காகிதத்தால் வீட்டு உரிமை கைமாறாது. பதிவான விடுதலைப் பத்திரம் இருந்தால் கதை வேறு. அதனால் வக்கீலிடம் போவதற்கு முன் `tnreginet.gov.in` தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள். அப்பா காரியத்தின்போது எதிலோ கையெழுத்து போட்டதாக ஞாபகம் என்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சொத்து வரி ரசீது அண்ணன் பேரில் இருக்கிறதே என்று கலங்கவும் வேண்டாம். வரி யார் கட்டுகிறார் என்பதற்கு மாநகராட்சி தரும் சீட்டு அது. உரிமைப் பத்திரம் ஆகாது.

அண்ணன் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கக் கேட்க முடியாது என்கிறார்களே?

இதைச் சொல்லும் பெரியவர்கள் கதை விடவில்லை. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவு அப்படித்தான் இருந்தது. குடும்பம் வசிக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை அவள் பாகப்பிரிவினை கேட்க முடியாது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன 'ஜி. சேகர் எதிர் கீதா' வழக்கு இதைப் பற்றியதுதான். தந்தை இறந்தது 1996-ல். சகோதரிகள் பங்கு கேட்டார்கள், சகோதரர் 23-வது பிரிவைக் காட்டினார். அந்தத் தடை நீங்கிவிட்ட பிறகு அதை அவர் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நோட்டீஸில் எவ்வளவு பங்கு கேட்பது? பாதியா?

பலர் சறுக்குவது இங்கேதான். 'பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை' என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் வந்த தீர்ப்பைப் படித்துவிட்டு, நோட்டீஸிலும் 'பூர்வீகச் சொத்து' என்றே எழுதச் சொல்கிறார்கள். அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு பூர்வீகம் ஆகாது. அது அவருடைய தனிச்சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்ததும் மனைவி, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

அம்மா தன் பங்கை ஒன்றும் செய்யாமல் இறந்திருந்தால் அது இரு பிள்ளைகளுக்கும் சமமாகப் போய், தங்கைக்குப் பாதி கிடைத்திருக்கும். நம் குடும்பத்தில் வில்லங்கம் போட்டால் வேறொன்று தெரிகிறது. 2017-ல் அம்மா வீடு முழுவதையும் மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். தன்னிடம் இருந்த மூன்றில் ஒன்றைத்தான் அவர் கொடுக்க முடியும், மகளின் பங்கை அந்தப் பத்திரம் தொடாது. ஆக, தங்கைக்கு மூன்றில் ஒன்று, அண்ணனுக்கு மூன்றில் இரண்டு. நோட்டீஸில் பாதி என்று எழுதினால், பதில் நோட்டீஸ் அந்தப் பத்திரத்தின் நகலோடுதான் வரும்.

நோட்டீஸ் அனுப்பாமல் வழக்குப் போட முடியாதா?

போடலாம். முன்கூட்டியே நோட்டீஸ் கட்டாயம் என்பது அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடும்போதுதான். அண்ணன் தங்கை பாகத்துக்கு அது தேவையில்லை. பிறகு ஏன் அனுப்புகிறோம்? கேட்டதற்குத் தேதி விழ வேண்டும், மாடி வாடகையில் பங்கு கேட்க ஓர் ஆதாரம் வேண்டும், அண்ணன் என்ன சொல்லி மறுக்கிறார் என்பது எழுத்தில் வர வேண்டும்.

அந்த எழுத்து இரு பக்கமும் வெட்டும். கோபத்தில் "என்னை வீட்டை விட்டே விரட்டிவிட்டு நீங்கள் மட்டும் அனுபவிக்கிறீர்கள்" என்று எழுதச் சொல்வார்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-வது பிரிவில் இரண்டு வழி உண்டு. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் பாகம் கேட்டால் குறிப்பிட்ட ஒரு சிறு தொகை. அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் கேட்டால் பங்கின் சந்தை மதிப்புக்கு விகிதக் கட்டணம். தேனாம்பேட்டை மனை விலையில் அது லட்சக்கணக்கில் போகும். வீட்டில் குடியிருந்தால்தான் கூட்டு அனுபவம் என்றில்லை. ஒரு கூட்டுரிமையாளர் வைத்திருப்பது எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். உண்மையில் விரட்டியிருந்தால் மறைக்கச் சொல்லவில்லை. அப்படி நடக்காதபோது ஒரு வரி வசனத்துக்காக லட்சங்களைக் கட்ட வேண்டாம்.

"உனக்கு இதில் உரிமையே கிடையாது" என்று அண்ணனின் பதில் வந்தால், அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 12 ஆண்டுக் காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து ஓடியது என்று பின்னாளில் அவர் வாதாட இடம் கிடைக்கிறது. பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

தபாலை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டால்?

சரியான முகவரிக்குப் போன தபாலை மறுப்பது, வாங்கிக்கொண்டதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளப்படும். திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் மேலே எழுதிய மறுப்புக் குறிப்பும் தேதியும்தான் சாட்சி. உள்ளே இருப்பதன் ஆபீஸ் காப்பி வக்கீலிடம் இருக்கும். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அனுப்பும்போதே ஒப்புகை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நோட்டீஸ் போன பிறகு அவர் வீட்டை விற்றுவிட்டால்?

நோட்டீஸ் விற்பனையைத் தடுக்காது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவரைத்தான் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும். எப்படி விற்றாலும் அவர் பங்குதான் போகும். குடும்பம் வசிக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், உள்ளே வந்து கூடவே குடியிருக்க உரிமை கேட்கவும் முடியாது.

தீர்ப்பு வந்தால் வீட்டை எப்படிப் பிரிப்பார்கள்?

முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கு எவ்வளவு என்று சொல்லும். பிறகு வக்கீல் கமிஷனர் வந்து அளப்பார். அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி, அதில் மூன்றில் ஒன்று 400. ஒரே வாசல், ஒரே மாடிப்படி இருக்கும் வீட்டில் 400 அடியைக் கோடு போட்டுக் கொடுக்க வழியில்லை. அப்போது 1893-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கக் கேட்கலாம். ஆனால் கேட்பவர்களிடம் பாதியோ அதற்கு மேலோ பங்கு இருக்க வேண்டும். தங்கையின் மூன்றில் ஒன்று அதற்குப் போதாது. மூன்றில் இரண்டு வைத்திருக்கும் அண்ணன் கேட்கலாம். கேட்டார் என்றால், கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு அவர் பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று தங்கை முன்வரலாம். தன் வீட்டைத் தங்கை வாங்கக்கூடும் என்பது பல அண்ணன்மாருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு பேச்சுக்கு வருவதுண்டு.

பேசி முடித்து, பணம் வாங்கிக்கொண்டு தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், குடும்ப உறுப்பினர்களுக்கிடையே என்பதால் 2023 ஜூலை நிலவரப்படி முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பதிவுக்குப் போகும் அன்று வங்கி டிடி கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.