132-வது பிரேமில் நின்றுபோனால்

பிளெண்டரில் புதிதாகக் கோப்பு திறந்தால் 250 பிரேம் தயாராக இருக்கும். ஓடவிட்டால் பத்து விநாடிப் படம். ஒரு பிரேமுக்கு நான்கு நிமிடம் பிடித்தால் ரெண்டர் முடிய 16 மணி 40 நிமிடம். மடிக்கணினியை அவ்வளவு நேரம் சூடேற விடாமல் வாடகை சர்வரில் ஏற்றிவிடுவார்கள். அங்கே திரை கிடையாது, மவுஸ் கிடையாது. ஒரு வரிக் கட்டளை போதும்:

```
blender -b kaatchi.blend -o //out/f_#### -F PNG -a
```

`-b` போட்டால் ஜன்னல் திறக்காமலே பிளெண்டர் வேலை செய்யும். `//` என்பது கோப்பு இருக்கும் ஃபோல்டர். `####` இருக்கும் இடத்தில் பிரேம் எண் வந்து உட்காரும். பிளெண்டர் இந்த வரியை இடமிருந்து வலமாகப் படித்து அப்போதைக்கப்போதே செய்கிறது. `-a` வந்ததுமே ரெண்டர் தொடங்கிவிடும். அதற்குப் பின்னால் `-o` எழுதினால் படங்கள் கோப்பில் ஏற்கெனவே குறித்திருக்கும் இடத்துக்குப் போய்விடும். பலரும் காணாமல் தேடுவது இதனால்தான்.

வீட்டு இணையம் அறுந்தால் ரெண்டரும் சேர்ந்து நிற்கக்கூடும். அதனால் முதலில் `tmux` திறந்து, அதற்குள் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிறகு இணைப்பு போனாலும் வேலை ஓடும்; `tmux attach` என்று திரும்பிப் பார்க்கலாம்.

சர்வரே அணைந்துபோனால்? நேராக எம்பி4 வீடியோவாக எழுதச் சொல்லியிருந்தால், பாதியில் நின்ற கோப்பு பெரும்பாலும் திறக்காது. பிரேமுக்கு ஒரு பிஎன்ஜி என்றால் 132-வதில் நின்றாலும் 131 படம், அதாவது 8 மணி 44 நிமிட உழைப்பு, டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். வீடியோவாகக் கோப்பதைக் கடைசியில் சில நிமிடங்களில் செய்துகொள்ளலாம்.

கோப்பை அனுப்பும் முன்பே Output பகுதியில் Overwrite டிக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கும் படங்களைத் தாண்டி 132-லிருந்து தொடரும். அந்த ஒரு பிரேம் மட்டும் முதலிலிருந்து வரும். பாதிப் பிரேமை இப்படி மீட்க முடியாது.

ஒரு சிக்கல் உண்டு: படம் இருக்கிறதா என்றுதான் பிளெண்டர் பார்க்கும், நன்றாக இருக்கிறதா என்று பார்க்காது. பல சர்வர்கள் வேலையைப் பங்கிட Placeholders வைத்திருந்தால், தொடங்கும் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வெற்றுக் கோப்பு விழும். மின்சாரம் போனால் அது அப்படியே கிடக்கும், அடுத்த முறை 'முடிந்தது' என்று தாண்டப்படும். எல்லாச் சர்வர்களும் நின்றிருக்கும்போது வெற்றுக் கோப்புகளை நீக்குங்கள்:

```
find out -name '*.png' -size 0 -delete
```

எழுதும்போதே அறுபட்ட படம் வெற்றாக இருக்காது, அதனால் இதில் சிக்காது. கடைசியாக விழுந்த படத்தைத் திறந்து பாருங்கள். அடிப்பகுதி இல்லையென்றால் அதையும் நீக்குங்கள்.

துணி, புகை, தண்ணீர் சிமுலேஷன் இருந்தால் முன்பே பேக் செய்து அந்தக் கேஷையும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 132-ல் துணியின் மடிப்பு 131-ஓடு ஒட்டாமல் சட்டென்று குதிக்கக்கூடும்.