மலையேறிப்போன காலம்

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் நின்றுகொண்டு 'பஸ் மலையேறிருச்சு' என்றால், 70 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகச் செம்மேட்டுக்குப் போகும் வண்டி என்று எல்லோருக்கும் புரியும். 'அந்தக் காலம் மலையேறிருச்சு' என்று அதே ஆள் சொன்னால் பஸ்ஸைத் தேட மாட்டோம்.

இன்ஸ்டாகிராமில் மரபுத்தொடர்களை விளக்கும் கேரொசல்கள் இப்போது நிறைய வருகின்றன. ஸ்லைடுக்கு ஒரு தொடர். அதன் நேர்ப்பொருள், உட்பொருள், இன்றைய எடுத்துக்காட்டு. நல்ல அமைப்புதான். ஆனால் 'மலையேறுதல்: மலைமேல் ஏறுதல், முடிந்துபோதல்' என்று போட்டுவிட்டு நகர்ந்தால் தொடர் பாதிதான் புரியும்.

மலையேறுவது யார் என்று நேர்ப்பொருளில் சொல்ல வேண்டும். அருள் வந்து ஆடுபவர் நெற்றியில் திருநீறு பூசி, கற்பூரம் காட்டி, ஆட்டம் அடங்கியதும் 'சாமி மலையேறிருச்சு' என்பார்கள். வந்த தெய்வம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். சாமி விளக்கு 'அணைந்தது' என்று சொல்ல மனம் வராத வீடுகளில் அதுவும் 'மலையேறிருச்சு'தான். இவ்வளவு நேரம் நம் நடுவே இருந்தது, இப்போது இல்லை. காலத்துக்கும் இதே பொருள்தான்.

அதனால் 'முடிந்துபோதல்' என்ற விளக்கம் போதாது. பரீட்சை முடிந்தால் 'பரீட்சை மலையேறிருச்சு' என்று யாரும் சொல்வதில்லை. எல்லோரிடமும் புழங்கிய ஒன்று வழக்கொழிந்தால்தான் இது பொருந்தும். என்னைக் கேட்டால் எடுத்துக்காட்டை இப்படிப் போடுவேன்: 'ரீசார்ஜ் பண்ணாமலே மாசக்கணக்கா இன்கமிங் வாங்கின காலமெல்லாம் மலையேறிருச்சு.' இழந்தது என்ன என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது. உட்பொருள் வரியை மறைத்துவிட்டுப் படித்தாலும் புரிகிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் எடுத்துக்காட்டைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு தவறு, தோற்றக் கதை கட்டுவது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியிருக்கிறார். 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்பதை இதனுடன் ஒட்டவைக்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் தொடர் அங்கிருந்து வந்தது என்பதற்குப் பாட்டில் ஆதாரமில்லை. ஓரி பாடல் காட்டுவது அம்பின் வேகத்தையும் வில்லாளியின் வலிமையையும். மாங்காய்த் தொடர் சொல்வதோ ஒரு வேலையில் கிடைக்கும் இரண்டு லாபத்தை. 'ரேஷன் வாங்கப் போன கையோட பாஸ்புக்குல என்ட்ரியும் போட்டுட்டேன், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா' என்ற வாக்கியம் அந்த ஸ்லைடுக்குப் போதும். ஓரிக்குத் தனியாக ஒரு கேரொசல் போடலாம்.